பத்தில் ஒரு முள் இல்லை

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கேபினட் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். உள்ளே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மதர்போர்டு. அட்டைப்பெட்டி கிடையாது, புத்தகம் கிடையாது, செய்தவர் பெயரும் கிடையாது. நடுவில் H61 என்று மட்டும் அச்சாகியிருந்தது. 2011-இல் இன்டெல் கொண்டுவந்த சிப்செட் அது. அதை வைத்துப் பெயரில்லாத போர்டுகள் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பிராசசர், ராம், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் அவனே மாட்டிவிட்டான். கேபினட்டின் முகப்பிலிருந்து தொங்கிய வயர் கொத்துதான் அவனைக் கலங்கடித்திருந்தது.

“மாமா, எல்லாம் மாட்டிட்டேன். இந்தப் பொடி வயரை எங்க சொருகறதுன்னுதான் தெரியல. தப்பா சொருகினா போர்டு போயிடுமா?”

பதில் ஒரு சொல்லில் அடங்காது. விளக்கு வயரைத் திருப்பிச் சொருகினால் எதுவும் கெடாது, விளக்கு எரியாது, அவ்வளவுதான். யுஎஸ்பி வயரைத் தப்பாகச் சொருகினால் போர்டு தப்பித்தாலும் தப்பிக்கும், முன்பக்கம் செருகப்போகும் பென் டிரைவ் தப்பிக்காது. இரண்டும் ஒரே மாதிரி தோற்றமுள்ள முட்களில்தான் போய் உட்கார வேண்டும். அங்கேதான் சிக்கல்.

கடைக்காரர்கள் ‘பின்’ என்று சொல்வதைத்தான் நான் முள் என்கிறேன். ‘பின்’ என்று எழுதினால் ‘பிறகு’ என்ற பின்னோடு குழம்பிவிடும்.

போர்டின் கீழ் ஓரத்தில், வலது மூலையை ஒட்டி, பெரும்பாலும் இந்த முட்கூட்டம் இருக்கும். வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை. எண்ணிப் பார்த்தால் பத்து வராது, ஒன்பதுதான் வரும். ஒரு மூலையில் முள்ளே இருக்காது. அது ஒடிந்துபோனதல்ல, வேண்டுமென்றே விட்டது. கையேடு இல்லாதவனுக்கு அந்த வெற்றிடம்தான் முதல் துப்பு.

இந்த ஒழுங்கை இன்டெல் தன் வடிவமைப்புக் குறிப்பில் வகுத்து வைத்திருக்கிறது. 2005-இல் வந்த அதன் பதிப்பில் முன்பலகை முட்களுக்கும் யுஎஸ்பி முட்களுக்கும் ஆடியோ முட்களுக்கும் எந்த எண்ணில் எது வரும் என்று எழுதியிருக்கிறார்கள். சட்டம் ஒன்றுமில்லை, ஆனாலும் ஏசஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன. பெயரில்லாத போர்டைச் செய்கிறவரும் இதையே நகலெடுக்கிறார், ஏனென்றால் சந்தையில் கிடைக்கும் கேபினட்டுகள் இதற்கு ஏற்றபடிதான் வருகின்றன. டெல், ஹெச்பி, லெனோவோ போன்றவர்கள் முழுக் கணினியாக விற்ற பெட்டியிலிருந்து கழற்றிய போர்டு என்றால் கதை வேறு. அவற்றில் பலவும் தனி வழியில் போகும். இங்கே சொல்லப்போகும் எண்களை அவற்றின்மேல் அப்படியே பொருத்தக் கூடாது.

போர்டை, முட்கூட்டம் படுக்கையாக இருக்கும்படியும் வெற்றிடம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும்படியும் திருப்பிக்கொள்ளுங்கள். வெற்றிடம் வலது மேல் மூலையில் வந்தால் அது ஸ்விட்ச், விளக்குகளுக்கான கூட்டம். வலது கீழ் மூலையில் வந்தால் யுஎஸ்பி. இரண்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி ஒன்றுக்கொன்று எதிர். எவ்வளவு சுழற்றினாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. வெற்றிடம் மூலையில் இல்லாமல் மேல் வரிசையில் நான்காவது இடத்தில் இருந்தால் அது ஆடியோ. அதை இங்கே தொடப்போவதில்லை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. பழைய மாதிரி சீரியல் போர்ட்டுக்கான கூட்டத்திலும் வெற்றிடம் வலது மேல் மூலையில்தான் வரும். பக்கத்தில் COM என்று எழுதியிருக்கும். ஃபயர்வயர் எனப்படும் 1394 கூட்டமோ யுஎஸ்பியைப் போலவே இருக்கும். அதன் முட்களில் இரண்டில் 12 வோல்ட் ஓடும், யுஎஸ்பி பொருளுக்கு வேண்டியது 5 வோல்ட். வீடியோ கேமரா செருகிய காலத்துப் போர்டுகளில் இது உண்டு. பக்கத்தில் 1394 என்ற எண் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

அதனால் எழுத்தைப் படிப்பது முக்கியம். அது மிகப் பொடி எழுத்து. என் கண்ணாடிக்கு அது எட்டவில்லை. அக்கா மகன் செல்போனில் டார்ச்சைப் போட்டுப் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கினான். வெற்றிடத்தை ஒட்டி F_PANEL என்று இருந்தது. எம்எஸ்ஐ போர்டில் இதே இடத்தில் JFP1 என்று இருக்கும், ஏஎஸ்ராக்கில் PANEL1. அதைச் சுற்றி PWR, RST, HDD என்று துண்டெழுத்துகளும் கோடுகளும் இருப்பது வழக்கம். எங்கள் போர்டில் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் பிய்த்தபோது எழுத்தும் சேர்ந்து போயிருந்தது.

பரவாயில்லை. ஒழுங்கு இதுதான்:

```
2  4  6  8  .
1  3  5  7  9
```

மேல் வரிசையில் 2, 4 பவர் விளக்கு. 6, 8 பவர் ஸ்விட்ச். கீழ் வரிசையில் 1, 3 ஹார்டு டிஸ்க் விளக்கு. 5, 7 ரீசெட் ஸ்விட்ச். 9-இல் 5 வோல்ட் வரலாம், அதில் எதையும் மாட்டக் கூடாது. விளக்குகள் இரண்டுக்கும் இடப்பக்கம்தான் நேர்முனை, அதாவது 2-உம் 1-உம்.

“அப்ப இதைப் பார்த்துச் சொருகிட வேண்டியதுதானே?”

ஏசஸ் போர்டாக இருந்தால் சொருகிவிடச் சொல்லியிருப்பேன். பெயரே இல்லாத போர்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. அதற்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டர், கால் மணி நேரம்.

முதலில் மின்சாரத்தை முழுக்க எடுத்தோம். எஸ்.எம்.பி.எஸ். வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்டோம். மீட்டரைப் பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்து, கறுப்பு முனையைப் போர்டை கேபினட்டோடு பிணைக்கும் ஸ்க்ரூ ஓட்டையின் பளபளக்கும் வளையத்தில் தொட்டுக்கொண்டேன். அதுதான் கிரவுண்டு. சிவப்பு முனையால் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுப்போனேன். இன்டெல் ஒழுங்கின்படி 5-உம் 8-உம் மட்டும் ஒலிக்க வேண்டும். எங்கள் போர்டில் 4, 5, 8 மூன்றும் ஒலித்தன.

அவன் முகம் சுருங்கியது. நான் சற்று யோசித்தேன். 4 என்பது பவர் விளக்கின் எதிர்முனை. விளக்கை மினுக்கவும் நிறம் மாற்றவும் வசதி வைத்திருக்கும் போர்டுகளில் அந்த முள் ஒரு சிப்பிலிருந்து வரும். செலவைக் குறைத்தவர்கள் அதை நேரே கிரவுண்டில் கட்டிவிடுவார்கள். ஆக, ஒலித்தது பிழையல்ல, சிக்கனம்.

அடுத்து மின்சாரம் கொடுத்தோம், கணினியை இன்னும் இயக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். சுவரில் செருகியிருந்தாலே போர்டுக்கு 5 வோல்ட் ஒன்று எப்போதும் போய்க்கொண்டிருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் கேட்பதற்கு யாராவது விழித்திருக்க வேண்டுமே, அதற்காக. அந்த விழிப்பு மின்சாரம் பவர் ஸ்விட்ச் முள்ளில் தெரியும். மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பு முனையை அதே ஸ்க்ரூ வளையத்தில் வைத்து, சிவப்பு முனையை நடுக்கமில்லாமல் ஒவ்வொன்றாக வைத்தேன். மீட்டரின் முனை வழுக்கி இரண்டு முட்களைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. முட்களுக்கிடையே இருப்பது இரண்டரை மில்லிமீட்டர்தான். 6-இல் 3.3 வோல்ட் காட்டியது. சில போர்டுகளில் 5 காட்டும். மற்ற முட்களில் சொல்லும்படி எதுவும் இல்லை.

பவர் ஸ்விட்ச் இருக்கும் இடம் இப்போது உறுதி. பட்டன் செய்வதெல்லாம் 6-ஐக் கணநேரம் கிரவுண்டோடு சேர்ப்பதுதான். சேர்ந்ததும் அந்த 3.3 வோல்ட் விழுகிறது, போர்டு அதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. பட்டன் வழியாக வேறு எந்த மின்சாரமும் ஓடுவதில்லை. அதனால்தான் பவர் ஸ்விட்ச் வயரை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் வேலை செய்கிறது. கடைகளில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு முட்களைத் தொட்டுக் கணினியை ஓட்டிக் காட்டுவதும் இதனால்தான்.

எங்களுக்கு 4-உம் கிரவுண்டு, 8-உம் கிரவுண்டு. 6-ஐ எதோடு சேர்த்தாலும் ஓடும். 4 விளக்குக்கு வேண்டும் என்பதால் ஸ்விட்ச்சுக்கு 6, 8. ஸ்க்ரூ டிரைவரால் தொட்டேன், பிராசசர் ஃபேன் சுற்றியது. அக்கா மகன் கை தட்டினான். சாம்பார் கொதிக்கிறதா என்று பார்க்கச் சமையலறைக்குப் போயிருந்த என் மனைவி, என்னமோ உடைந்துவிட்டது என்று ஓடி வந்தாள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி வோல்ட் பார்த்தோம். 1-இலும் 2-இலும் ஏறக்குறைய 5. விளக்குகளின் நேர்முனைகள் அவை. விளக்குக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போர்டிலேயே இருப்பதால் கேபினட் வயரில் அது இருக்காது. 7-இல் 3.3. அது ரீசெட். 9-இல் நேரடியாக 5. கீழ் வரிசையில் 9-இன் பக்கத்து முள் 7 மட்டும்தான், மேலே இருக்க வேண்டிய முள்ளோ இல்லை. ஆகவே ரீசெட் வயரை ஓர் இடம் தள்ளி 7, 9-இல் சொருகிவிட்டு ரீசெட்டை அழுத்தினால் 3.3 வோல்ட் வரியில் 5 வோல்ட் ஏறும். இந்தக் கூட்டத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டிய தவறு இது ஒன்றுதான். மற்றபடி வயர் மாறிப் போனால் பொதுவாக வேலை நடக்காமல் இருக்குமே ஒழிய எதுவும் எரிவதில்லை.

கணினியை அணைத்து வயர்களை எடுத்தோம். ஒவ்வொன்றின் முனையிலும் சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் தொப்பி. அதில் POWER SW, RESET SW, H.D.D LED, POWER LED என்று எழுத்து. ஸ்விட்ச்சுகளுக்கு நேர், எதிர் கிடையாது. விளக்குகளுக்கு உண்டு. எழுத்து இருக்கும் முகத்துக்குப் பின்புறம் தொப்பியில் பொடியாக ஒரு முக்கோணம் இருந்தால் அது பெரும்பாலும் நேர்முனை. இல்லாவிட்டால் வயர் நிறம்: வெள்ளை அல்லது கறுப்பு எதிர்முனை, வேறு நிறம் நேர்முனை. இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எரியவில்லை என்றால் தொப்பியைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. திருப்பிச் சொருகிய எல்.இ.டி. மின்சாரத்தை விடாமல் நிற்குமே தவிர, இந்த 5 வோல்ட்டில் அதற்கு ஒன்றும் ஆகாது.

பவர் விளக்கு வயர் ஒரு தொல்லை கொடுத்தது. கேபினட் பழையது என்பதால் அதன் தொப்பி மூன்று ஓட்டை கொண்டது. இரண்டு வயரும் இரு ஓரங்களில், நடு ஓட்டை காலி. பழைய போர்டுகளில் பவர் விளக்குக்கு மூன்று முள் கொண்ட தனி இடம் இருந்தது. புதிய ஒழுங்கில் 2-உம் 4-உம் ஒட்டியபடி இருக்கின்றன, இந்தத் தொப்பி அதில் பொருந்தவே பொருந்தாது. வெட்டி ஒட்டத் தேவையில்லை. தொப்பியின் பக்கவாட்டில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். ஊசியால் அதை மெல்ல, மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டு வயரை இழுத்தால் உள்ளிருக்கும் உலோகக் கவ்வி வெளியே வந்துவிடும். அதை நடு ஓட்டையில் தள்ளினால் ‘டக்’ என்று உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மூன்றாவது ஓட்டை காலியாக 6-ஆம் முள்ளின் மேல் போய் உட்கார்ந்து, ஸ்விட்ச் தொப்பிக்கு இடமில்லாமல் செய்யும். நாங்கள் அந்த ஓரத்தை பிளேடால் நறுக்கிவிட்டோம். ஊசியால் நாக்கை அதிகம் தூக்கினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் டேப்தான் கதி.

நான்கு தொப்பிகளையும் ஒவ்வொன்றாக அந்த மூலையில் சொருகுவது விரல் பெருத்தவர்களுக்கு வாய்க்காத வேலை. வெளியிலேயே இரண்டு வரிசையாக அடுக்கி, மெல்லிய டேப் சுற்றி ஒரே கட்டியாக்கி அழுத்தினால் ஒரே மூச்சில் இறங்கும்.

ஸ்விட்ச்சிலேயே கோளாறு என்றால் எப்படித் தெரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினி தானே ஓடி, சில நொடிகளில் தானே அணைந்தால் பவர் பட்டன் உள்ளே அமுங்கியபடி சிக்கியிருக்கலாம். பட்டனை நான்கு நொடிக்கு மேல் பிடித்திருந்தால் வலுக்கட்டாயமாக அணைப்பது போர்டின் வழக்கம். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் ரீசெட் பட்டன் சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு வயரையும் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் குற்றம் போர்டில் இல்லை, கேபினட்டில். பவர் பட்டன் செத்தே போயிருந்தால் ரீசெட் வயரை எடுத்து 6, 8-இல் சொருகுங்கள். ரீசெட் பட்டன் இனி பவர் பட்டன். இரண்டும் ஒரே இனம்தான். என் அலுவலக மேசைக் கணினி இப்படித்தான் பல ஆண்டுகளாக ஓடுகிறது.

இனி யுஎஸ்பி. இங்கே வேகம் ஆகாது.

இப்போதைய கேபினட்டில் யுஎஸ்பி வயர் ஒரே கட்டியான தொப்பியோடு வரும். ஒரு ஓட்டை அடைத்திருக்கும். வெற்றிடத்தோடு அதைப் பொருத்தினால் வேறு விதமாகப் போகவே போகாது. போக மறுக்கும்போது பலத்தைக் காட்டுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அக்கா மகன் கொண்டுவந்த கேபினட் அதற்கும் முந்தைய தலைமுறை. எட்டு வயர்கள், எட்டும் தனித்தனி ஒற்றைத் தொப்பி. ஆறில் எழுத்து இருந்தது, இரண்டில் அழிந்துபோயிருந்தது. நிறங்களும் நம்பும்படி இல்லை. ஒரு தொகுதியில் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. மற்றதில் நான்கும் ஒரே சாம்பல் நிறம்.

போர்டுப் பக்கம் எளிது. வெற்றிடத்தை வலது கீழ் மூலைக்குக் கொண்டுவந்தால்:

```
2  4  6  8  10
1  3  5  7  .
```

மேல் வரிசை ஒரு போர்ட்டுக்கு, கீழ் வரிசை இன்னொன்றுக்கு. இடது ஓரத்து 1, 2 இரண்டும் 5 வோல்ட். அடுத்த ஜோடி 3, 4 டேட்டா கழித்தல். 5, 6 டேட்டா கூட்டல். 7, 8 கிரவுண்டு. 10 சும்மா. ஆக, வெற்றிடத்துக்கு நேர் எதிர்க்கோடியில் 5 வோல்ட், வெற்றிடத்தை ஒட்டிக் கிரவுண்டு. இதையும் மீட்டரில் பார்த்தோம். மின்சாரம் இல்லாதபோது 7, 8 ஒலித்தன. ஓடும்போது 1, 2-இல் 5 வோல்ட் வந்தது. 3 முதல் 6 வரை ஒலிக்கவில்லை. டேட்டா முட்கள் ஒவ்வொன்றும் கிரவுண்டோடு 15 ஆயிரம் ஓம் அளவு ரெசிஸ்டர் வழியாகத்தான் இணைந்திருக்கும், பீப் ஒலிக்க அது போதாது. 12 வோல்ட் எங்கும் இல்லை என்பதையும் இந்தச் சுற்றிலேயே உறுதி செய்துகொண்டோம். பத்து முள் இருந்தாலும் ஒரு வரிசை தலைகீழாகப் போகும் போர்டுகள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்திருக்கின்றன. அந்த வயது போர்டு என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

கேபினட் பக்கம்தான் புதிர். அதற்கு வீட்டில் கிடந்த பழைய யுஎஸ்பி சார்ஜர் வயரை எடுத்தோம். போனில் செருகும் முனையை வெட்டி எறிந்து, உள்ளே இருக்கும் வயர்களின் நுனியைச் சீவினோம். சில மலிவு வயர்களில் இரண்டே வயர் இருக்கும், டேட்டா இருக்காது. நான்கு இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். அந்த நான்கின் நிறத்தையும் நம்பாமல், கணினியின் பின்பக்க போர்ட்டில் செருகி அளந்தோம். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் என்று மீட்டர் காட்டியது. பின்பக்க போர்ட் போர்டிலேயே பற்றவைத்தது, அது தவறாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே இந்த வெட்டு வயரின் சிவப்பு 5 வோல்ட்தான், கறுப்பு கிரவுண்டுதான். மீதம் வெள்ளையும் பச்சையும் டேட்டா. வழக்கப்படி வெள்ளை கழித்தல், பச்சை கூட்டல்.

கணினியை அணைத்து, சுவரிலிருந்தும் பிடுங்கி, வெட்டு வயரைக் கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் செருகினோம். மீட்டரின் ஒரு முனை வெட்டு வயரின் சிவப்பில், மறுமுனை தொங்கும் எட்டுத் தொப்பிகளில் ஒவ்வொன்றாக. ஒன்றில் ஒலித்தது. அதில் டேப் ஒட்டி ‘5’ என்று எழுதினோம். பிறகு கறுப்பு, வெள்ளை, பச்சை. அடுத்து இரண்டாவது போர்ட். ஐந்து நிமிடத்தில் எட்டும் பெயர் பெற்றுவிட்டன. எழுத்து அழிந்த இரண்டில் ஒன்று 5 வோல்ட், இன்னொன்று கிரவுண்டு. ஊகித்துச் சொருகியிருந்தால் கெடுவதற்குச் சரிபாதி வாய்ப்பு. அதுவும் கெட வேண்டிய இடத்திலேயே.

ஏன் அந்த இரண்டு மட்டும் அவ்வளவு முக்கியம்? டேட்டா வயர் இரண்டும் மாறிப் போனால் செருகிய பொருளைக் கணினி கண்டுகொள்ளாது, அல்லது அடையாளம் தெரியவில்லை என்று விண்டோஸ் முணுமுணுக்கும். மாற்றிச் சொருகினால் சரியாகிவிடும். 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால், செருகும் பொருளுக்குள் மின்சாரம் தலைகீழாகப் பாயும். பென் டிரைவுக்குள் இருக்கும் சிப் அதைத் தாங்காது. அதிலிருந்த கல்யாணப் படங்களும் அத்தோடு போய்விடும். 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேருக்கு நேர் முட்டினாலோ போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். யுஎஸ்பி போர்ட்டில் அளவுக்கு மீறி மின்சாரம் போகிறது, 15 நொடியில் அணைத்துவிடுவேன் என்று சில போர்டுகள் திரையில் எச்சரித்துவிட்டு அப்படியே செய்யும். வயர் சரியாக இருந்தும் இந்த எச்சரிக்கை வந்தால் முன்பக்க போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் நாக்கு ஒடிந்து, உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

எட்டுத் தொப்பியையும் சொருகினோம். 10-ஆம் முள்ளில் எதையும் மாட்டவில்லை. கணினியை ஓட்டினோம். உடனே பென் டிரைவைச் செருகப் போன அக்கா மகன் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வெட்டு வயர். முன்பக்க போர்ட்டில் செருகி, மீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்பு வயரிலும் கறுப்பைக் கறுப்பிலும் வைத்தால் 5.04 காட்டியது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்திருந்தால் தலைகீழ் என்று பொருள். இரண்டாவது போர்ட்டிலும் அதே எண். அதற்கடுத்து ஒரு பழைய மவுஸ். அதன் அடியில் சிவப்பு விளக்கு எரிந்து, திரையில் அம்பு நகர்ந்தது. இழந்தாலும் வருத்தப்படாத பொருளாகச் செருகிப் பார்ப்பதுதான் வழி. செல்போனையும் ஹார்டு டிஸ்க்கையும் இந்த வரிசையின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

நீல நிற, இருபது ஓட்டை கொண்ட யுஎஸ்பி 3 வயர் இந்தக் கேபினட்டில் இல்லை, போர்டிலும் இல்லை. அதைத் தவறாகச் சொருகுவது கடினம். ஆனால் அதன் முட்கள் மெலிந்தவை. கோணலாக அழுத்தினால் ஒன்று மடங்கிவிடும், பிடுங்கும்போது போர்டிலிருந்து அடிக்கூடே கழன்று வந்துவிடுவதும் உண்டு. இரு ஓரத்தையும் மாற்றி மாற்றி அசைத்து மெல்ல எடுக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் விளக்கு மட்டும் எரியவில்லை. விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, அது மினுக்கியே ஆக வேண்டும். அந்தத் தொப்பியில் முக்கோணம் இல்லை, வயர்கள் சிவப்பும் வெள்ளையும். சிவப்பை 1-இல்தான் வைத்திருந்தோம். இந்தக் கேபினட்டைச் செய்தவருக்கு வெள்ளைதான் நேர்முனை போலிருக்கிறது. அணைத்து, திருப்பிப் போட்டு ஓட்டினோம். ஆரஞ்சு விளக்கு படபடத்தது.

மூடுவதற்கு முன் அக்கா மகன் பேப்பரில் இரண்டு கூட்டத்தையும் படமாக வரைந்து, எந்த முள்ளில் எந்த நிற வயர் என்று எழுதினான். 4-ஆம் முள் கிரவுண்டு என்பதையும் மறக்காமல் குறித்தான். கேபினட் கதவின் உட்புறம் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினான்.

“மாமா, இந்த வெட்டுன வயரை நான் எடுத்துக்கவா?”

கொடுத்தனுப்பினேன்.